தோளும் தாடையும் இறுகிக் கிடப்பவர்களுக்குத் தசைத் தளர்வுப் பயிற்சி

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 39. சீசன் ஆரம்பித்தால் தோள்பட்டை இரண்டும் கல் மாதிரி ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்க்கிற பழக்கமும் இருக்கிறது. காலையில் எழும்போதே கன்னம் வலிக்கிறது. பல் டாக்டர் இரவில் பல்லில் மாட்ட நைட் கார்டு கொடுத்தார், கூடவே பி.எம்.ஆர். என்கிற தசைத் தளர்வுப் பயிற்சி செய்யச் சொன்னார். வீடியோ பார்த்துச் செய்தால் தாடை வலி கூடுகிறது. எப்படித்தான் செய்வது? ஆபீஸ் நாற்காலியில் செய்யலாமா? நைட் கார்டு இனியும் வேண்டுமா?

பதில்:

முதலில் வலி கூடுவதைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான வீடியோக்களில் தாடைக்கு வரும்போது "பல்லை நன்றாக இறுக்கிக் கடியுங்கள், பத்து வரை எண்ணுங்கள்" என்று சொல்வார்கள். பல் கடிக்கும் பழக்கமே இல்லாதவருக்கு அது பரவாயில்லை. பகலெல்லாம் கடித்துக் கடித்து ஏற்கெனவே நொந்துபோன தசைக்கு, அது இன்னும் ஒரு சுற்றுக் கடிதான். தோளுக்கு ஒரு விதமாகவும் தாடைக்கு வேறு விதமாகவும் செய்ய வேண்டும். அந்த வித்தியாசத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். நான் தர்மபுரியில் பிசியோதெரபி பார்ப்பவன். உங்களைப் போலத் தோளும் தாடையும் சேர்ந்து இறுகி வருகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

இந்தப் பயிற்சியை உருவாக்கியவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். 1929-இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் கற்றுக்கொடுத்த முறை ரொம்ப மெதுவானது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தசையை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் போகும். பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள். 1973-இல் பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் என்ற இருவர் உடம்பை 16 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 5 முதல் 7 வினாடி இறுக்கி, அரை நிமிடத்துக்கு மேல் தளர்த்தி விடுகிற கையேடு போட்டார்கள். இப்போது வீடியோக்களில் வருவதெல்லாம் ஏறக்குறைய அதன் வழிவந்தவைதான். ஆனால் சுருக்கச் சுருக்க ஒரு விஷயம் காணாமல் போய்விட்டது. ஜேக்கப்சனுக்கு இறுக்குவது முக்கியமே இல்லை. இறுக்கம் எப்படி இருக்கும் என்று அடையாளம் காட்டுவதற்காக மட்டும்தான் இறுக்கச் சொன்னார். அதையும் போகப்போகக் குறைத்துக்கொண்டே வந்தார்.

ஏன் அடையாளம் காட்ட வேண்டும்? நாள் முழுக்க ஓடிய ஃபேனின் சத்தம், கரண்ட் போன பிறகுதான் நமக்கு உறைக்கிறது. தோள் இறுக்கமும் அப்படித்தான். மாதக்கணக்கில் அரை அங்குலம் தூக்கியே வைத்திருந்தால் மூளை அதைச் சாதாரண நிலை என்று எடுத்துக்கொள்ளும். "தளர்த்துங்கள்" என்று யாராவது சொன்னால் எதைத் தளர்த்துவது என்றே தெரியாது. வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கி, சட்டென்று விட்டால், அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பிடிபடும். ஆகவே இதை உடற்பயிற்சி மாதிரி பலத்தைக் காட்டிச் செய்ய வேண்டியதில்லை. இறுக்குவது 5 வினாடி, கவனிப்பது 30 வினாடி என்றால், அந்த 30 வினாடியில்தான் வேலை நடக்கிறது.

உட்காரும் விதம். படுத்துச் செய்தால் தூக்கம் வந்துவிடும் என்பதால் ஆரம்பத்தில் நாற்காலியே நல்லது. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போதும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். மடியில் ஒரு தலையணை வைத்து, இரண்டு முன்கையையும் அதன்மேல் போடுங்கள். இந்தத் தலையணையை விட்டுவிடாதீர்கள். கை இரண்டும் தொங்கினால் அந்தப் பாரத்தைக் கழுத்திலிருந்து தோளுக்கு வரும் தசைதான் சுமக்கும். அதைத் தளர்த்தப் போகிற நேரத்தில் அதற்கே வேலை கொடுக்கக் கூடாது அல்லவா. கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம்.

தொடங்கும்முன் தோளுக்கு ஒரு மார்க், தாடைக்கு ஒரு மார்க் போட்டுக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் என்றால் இறுக்கமே இல்லை, பத்து என்றால் தாங்க முடியவில்லை. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்த பிறகும் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் வலது கை. தோளும் தாடையும் தானே நம் பிரச்சினை, கை எதற்கு என்று தோன்றும். கையில் இறுக்கம் தெரிவது சுலபம், அதனால்தான் அங்கே ஆரம்பிக்கிறோம். முஷ்டியை மடக்குங்கள். முழு பலம் வேண்டாம், முக்கால்வாசி போதும். முன்கையில் ஓர் இழுப்பு தெரியும். ஐந்து வரை நிதானமாக எண்ணி, ஒரே அடியாக விட்டுவிடுங்கள். மெள்ள மெள்ள விரிக்காதீர்கள். மெள்ள விரித்தால் அந்த விரிப்பதற்கும் தசை வேலை செய்கிறது. விட்டபிறகு விரல்கள் எப்படி விழுந்தனவோ அப்படியே கிடக்கட்டும். அரை நிமிடம் சும்மா கவனியுங்கள். கொஞ்சம் கனம், கொஞ்சம் சூடு, சிலருக்குக் குறுகுறுப்பு. இன்னொரு தடவை செய்துவிட்டு இடது கைக்குப் போங்கள்.

இந்தக் கையைச் செய்யும்போதே இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மூச்சை அடக்குகிறீர்களா. பெரும்பாலானோர் அடக்குவார்கள். மூச்சை அடக்கி இறுக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், தலை கனக்கும். வாய்க்குள் எண்ணாமல் மெல்லிய குரலில் வெளியே எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது. இரண்டு, முஷ்டியை மடக்கும்போது பல்லும் சேர்ந்து கடிபடுகிறதா. உங்களுக்கு நிச்சயம் கடிபடும் என்று நினைக்கிறேன். கை வேலை செய்யும்போது தாடை சும்மா இருக்கலாம் என்பதை உடம்புக்குக் காட்டுகிற முதல் இடம் இது. பல் சேர்ந்துவிட்டால் முஷ்டியின் பலத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் பல் சேராமல் முஷ்டி மட்டும் இறுகுகிறதோ, அதுதான் இப்போதைக்கு உங்கள் அளவு.

அடுத்து மேல்கை. முழங்கையைத் தலையணையின்மேல் கீழ்நோக்கி அழுத்துங்கள், ஐந்து எண்ணுங்கள், விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு தடவை போதும்.

இப்போது தோள். இதை மூன்று தடவை, மூன்று அளவில் செய்ய வேண்டும்.

முதல் தடவை, இரண்டு தோளையும் காதை நோக்கித் தூக்குங்கள். தலையை முன்னால் நீட்டாதீர்கள், பின்மண்டை துண்டிலேயே இருக்கட்டும். முக்கால் பலம். கழுத்தின் பக்கவாட்டிலிருந்து தோள் நுனி வரை ஒரு பட்டை இறுகுவது தெரியும். ஐந்து எண்ணி, பொத்தென்று விழ விடுங்கள். விழுந்த தோளை இன்னும் கீழே அமுக்கித் தள்ள வேண்டாம். "தோளை இறக்குங்கள்" என்றால் பலர் கீழ்நோக்கி இழுப்பார்கள். அதுவும் இறுக்கம்தான், வேறு தசையில். முழங்கையும் முன்கையும் தலையணையில் எவ்வளவு பாரமாக இறங்குகின்றன என்று மட்டும் பாருங்கள். கையின் பாரம் தலையணைக்குப் போனால் தோள் விட்டுவிட்டது என்று அர்த்தம். அரை நிமிடமோ அதற்கு மேலோ அப்படியே இருங்கள்.

இரண்டாவது தடவை, அதே தோளைப் பாதி அளவுக்கு மட்டும் தூக்குங்கள். அதே ஐந்து எண்ணிக்கை, அதே மாதிரி விடுதல்.

மூன்றாவது தடவைதான் ருசியான இடம். எதிரில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்கூடத் தெரியாத அளவுக்கு, தூக்கலாமா என்று நினைத்து ஆரம்பிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அப்படியே ஐந்து எண்ணுங்கள். இந்த அளவு உங்களுக்குப் பழகிய மாதிரி இருக்கும். பில் போடும்போதும் போன் பேசும்போதும் உங்கள் தோள் இருப்பது இந்த அளவில்தான். இதை அடையாளம் கண்டுகொண்டு விட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நம்மைப் படுத்துவது முழு இறுக்கமல்ல, நாள் முழுக்க நீடிக்கிற இந்தச் சின்ன இறுக்கம்.

முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்புக்கு நடுவே வலி இருந்தால், இரண்டு தோள்பட்டையையும் பின்னால் ஒன்றையொன்று நெருங்குகிற மாதிரி பாதிப் பலத்தில் இழுத்து விடுங்கள். வலி இல்லையென்றால் தேவையில்லை.

கழுத்துக்கு, பின்மண்டையால் சுவரில் இருக்கும் துண்டை மெதுவாக அழுத்துங்கள், கால்வாசிப் பலம், ஐந்து வினாடி. அவ்வளவுதான். கழுத்தை வட்டமாகச் சுற்றுவது இந்தப் பயிற்சியில் இல்லை. சொடக்கு எடுப்பதும் இல்லை. அப்புறம் நெற்றி: புருவத்தை உயர்த்தி விடுங்கள், பிறகு கண்ணை இறுக மூடித் தளர்த்துங்கள். முகம் தளரத் தொடங்கினால்தான் தாடை வழிக்கு வரும்.

தாடைக்கு வருவோம். இதற்கு முன்னால் தாடைக்கு ஓய்வு நிலை எது என்று தெரிந்திருக்க வேண்டும். வாயை மூடியிருந்தால் பல்லோடு பல் சேர்ந்திருப்பதுதான் இயல்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், உள்ளே பல்லுக்கு நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் லேசாக ஒட்டியிருக்கும். "ன்" என்று சொல்லி அப்படியே நிறுத்திப் பாருங்கள், நாக்கு போய் நிற்கும் இடம் அதுதான். பல் தானாகப் பிரிந்திருக்கும்.

இரண்டு கன்னத்திலும் காதுக்கு முன்னால், தாடை எலும்பின் மூலைக்கு மேலே, விரல்களை வையுங்கள். இப்போது கடைவாய்ப் பல்லை மெல்லச் சேர்த்துக் கடியுங்கள். விரலுக்கு அடியில் தசை புடைக்க ஆரம்பிக்கும். ஆரம்பித்த அந்தக் கணத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு துளி பலமும் வேண்டாம். மூன்று எண்ணி, "ன்" நிலைக்கு விட்டுவிடுங்கள். விரலுக்கு அடியில் அந்தப் புடைப்பு கரைவதைத் தொட்டே உணரலாம். நெற்றிப்பொட்டில் விரல் வைத்தாலும் தெரியும், அங்கே உள்ள தசையும் கடிக்கிற தசைதான். காலையில் பொட்டு வலிப்பதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம். இதை இரண்டு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். கன்னம் நோகிற நாளில் இதை முழுக்க விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது இது. முகவாய்க்கட்டைக்கு அடியில் முஷ்டியை வையுங்கள். வாயை அரை விரல் அளவு திறக்கப் பாருங்கள், முஷ்டி அதை லேசாகத் தடுக்கட்டும். திறக்கும் தசை வேலை செய்யும்போது கடிக்கும் தசை விலகிக்கொள்ளும், அதனால் நொந்த தாடைக்கு இது பாந்தமாக இருக்கும். ஐந்து எண்ணி விடுங்கள். கடைசியாக, பல் தொடாமல் வைத்துக்கொண்டு நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி விடுங்கள். நாக்கின் அடி, தொண்டைப் பக்கம் தளர்வது தெரியும். எச்சில் ஊறும், விழுங்குவீர்கள், கொட்டாவி வரும். வந்தால் நல்ல அடையாளம். தாடை கொஞ்சம் தொங்கி உதடு பிரிந்தாலும் விட்டுவிடுங்கள், யாரும் பார்க்கவில்லை.

வயிறு, தொடை, கால் எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவை செய்து முடித்தால் போதும், நம் விஷயத்துக்கு அவை துணைக்குத்தான். காலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி இறுக்கினால் ஆடுசதையில் குரக்களி பிடிக்கும். விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்து, கை காலை அசைத்து, பிறகு எழுந்திருங்கள். சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் ஆகும். செய்து முடித்த கையோடு வண்டி எடுக்க வேண்டாம்.

தளர்ந்ததா இல்லையா என்று வீட்டில் ஒருவரை வைத்துச் சோதிக்கலாம். பயிற்சி முடிவில் அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சாண் தூக்கி, தலையணையின் மேலேயே விடட்டும். கை பாரமாக, தொப்பென்று விழுந்தால் சரி. அந்தரத்தில் ஒரு நொடி நின்று இறங்கினாலோ, அவர் தூக்கும்போதே நீங்களும் கூடத் தூக்கி உதவினாலோ, தோள் இன்னும் பிடியை விடவில்லை. முதல் வாரம் எல்லாரும் உதவத்தான் செய்வார்கள்.

இனி ஒருவருடைய கதை. சேலம் ஓசூர் தடத்தில் பஸ் ஓட்டுகிறவர், வயது ஐம்பதை நெருங்குகிறது. சாயங்காலமானால் வலது தோளும் இரண்டு கன்னமும் வலி. பல் டாக்டர் பார்த்து, பல் தேய்ந்திருக்கிறது, மற்றபடி சொத்தையோ வீக்கமோ இல்லை என்று சொல்லிவிட்டார். முதல் நாள் அவர் போட்ட மார்க் தோளுக்கு 7, தாடைக்கு 6. ஸ்டீயரிங் பிடித்த கை, முஷ்டி மடக்கச் சொன்னால் நூறு சதவீதம் மடக்கினார். கூடவே தாடையும் மூச்சும் சேர்ந்துகொண்டன. இரண்டு மூன்று நாள் கழித்துப் பொட்டு வலிக்கிறது என்று வந்தார். வீட்டில் தாடையை எப்படிச் செய்கிறார் என்று செய்துகாட்டச் சொன்னேன். கழுத்து நரம்பு தெறிக்கக் கடிக்கிறார். கடிக்கும் பகுதியை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, முஷ்டி வைத்துத் திறப்பதை மட்டும் கொடுத்தேன். பொட்டு வலி போய்விட்டது.

இரண்டாவது வாரத்தில் அவரே ஒன்று கண்டுபிடித்துச் சொன்னார். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பல்லைக் கடிக்கிறார் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இன்ஜினை ஓட விட்டுக்கொண்டு நிற்கும்போதும், டைம் ஆகிவிட்டது என்று கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அதே அளவு கடித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆபத்து இல்லாத நேரத்தில் கடிப்பதை அவர் அதுவரை கவனித்ததே இல்லை. அதன்பிறகு பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், டோல்கேட் வரிசையிலும், "பல் தொடுகிறதா, தோள் எங்கே இருக்கிறது" என்று ஒரு நொடி பார்ப்பதைப் பழக்கமாக்கினார். ஓடும்போது கண்ணை மூடுவதோ, தசையை இறுக்கி விடுவதோ கிடையாது. பிடிக்க வேண்டிய கை பிடிக்கட்டும், வேலை இல்லாத தாடை சும்மா இருக்கட்டும். ஜேக்கப்சனும் இதைத் தனிப் பாடமாகவே கற்றுக்கொடுத்தார்: ஒரு வேலைக்குத் தேவையான தசையை மட்டும் பயன்படுத்தி, மற்றதை விட்டுவிடுவது.

ஒன்றரை மாதம் கழித்துத் தாடை 6-இலிருந்து 2-க்கு வந்தது. தோள் 7-இலிருந்து 5-இல் போய் நின்றுவிட்டது. அங்கே பயிற்சியைக் குறை சொல்ல முடியாது. சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக் கையை நீட்டி ஓட்டுவது அவர் வழக்கம். நீட்டிய கையை மணிக்கணக்கில் தூக்கிப் பிடிக்கிற தோள் எப்படித் தளரும்? சீட்டை முன்னால் நகர்த்திய பிறகுதான் 3-க்கு இறங்கியது. வாய் திறக்கும்போது காதுக்கு முன்னால் வரும் "டக்" சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. வலியில்லாத அந்தச் சத்தத்துக்கு இந்தப் பயிற்சி ஒன்றும் செய்யாது, பொதுவாக ஒன்றும் செய்யத் தேவையும் இல்லை.

உங்கள் மேஜையிலும் இதே மாதிரி எதுவாவது இருக்கும். கீபோர்டு உயரமாக இருந்து, முழங்கை அந்தரத்தில் நின்றால் தோள் தூக்கியேதான் இருக்கும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினால் எந்தப் பயிற்சியும் தோற்றுவிடும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆபீஸ் நாற்காலியில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பயிற்சி அங்கே வேண்டாம். முதல் இரண்டு வாரம் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, முடியாவிட்டால் ஒரு தடவையாவது, முழுசாகச் செய்யுங்கள். மூன்றாவது வாரத்தில் சேர்த்துச் செய்யலாம்: இரண்டு கையும் ஒன்றாக, தோளும் கழுத்தும் ஒன்றாக, முகமும் தாடையும் ஒன்றாக. ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் இறுக்குவதையே விட்டுவிட்டு, தளர்ந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்து நேரடியாகத் தளர்த்திப் பாருங்கள். பத்து மூச்சு விடும் நேரம் போதும். ஆபீசுக்கு எடுத்துப்போக வேண்டியது இந்தக் கடைசி வடிவத்தைத்தான். கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு பொட்டு ஒட்டி வையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல், நாக்கு, தோள் மூன்றையும் பாருங்கள். ஒரு வாரத்தில் அந்தப் பொட்டு கண்ணுக்குப் பழகி மறைந்துவிடும், அப்போது வேறு இடத்தில் ஒட்டுங்கள். நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் மார்க் அசையவில்லை என்றால், நேரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் செய்து காட்டுங்கள்.

தளர்த்த ஆரம்பித்தால் படபடப்பு வருகிறது என்று சிலர் சொல்வார்கள். இது உண்மையிலேயே நடக்கும், நீங்கள் ஏதோ தப்பாகச் செய்கிறீர்கள் என்றில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கையையும் தோளையும் மட்டும் செய்து, நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தாடை இறுக்கமும் தசை இறுக்கம் அல்ல, இதை நம் பக்கம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிறவருக்கு வாய் திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், அது கன்னத்தின் உள்தோல் நாராக இறுகுகிற நோய். புற்றுநோயாக மாறக்கூடியது. பயிற்சி செய்து பார்த்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது, பாக்கை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போக வேண்டும். சாதாரணமாக நம்முடைய மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியும். இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். காயம் பட்டு, தடுப்பூசி போடாமல், சில நாளில் தாடை கட்டிக்கொண்டால் அது ரணஜன்னியாக இருக்கலாம். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையும் தோளும் கையும் வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் இதய வலியாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் 108. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டு வலி வந்து, சாப்பாட்டை மெல்லும்போது கன்னம் வலித்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கையில் மரத்துப்போதல், பலக்குறைவு சேர்ந்த கழுத்து வலிக்குக் கழுத்தைப் பரிசோதித்த பிறகுதான் இந்தப் பயிற்சி. பிரஷர் கட்டுக்குள் வராதவர்களும், சமீபத்தில் இதய அல்லது கண் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பல் கடிப்பதைக் கூட்டும். ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை எடுப்பவராக இருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். சீசன் நேரத்தில் டீ, காபி எண்ணிக்கை ஏறுகிறதா என்றும் பாருங்கள். தாடை நோகும் நாட்களில் முறுக்கு, கரும்பு, பபுள்கம் வேண்டாம். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: கேழ்வரகுக் களியை மெல்லாமலே விழுங்கலாம்.

நைட் கார்டைப் பற்றி. பகலில் கடிப்பதும் இரவில் கடிப்பதும் வேறு வேறு. பகலில் கடிப்பது பழக்கம், அதைக் கவனித்துக் கைவிட முடியும். இரவில் கடிப்பது தூக்கத்தில் நடப்பது, அங்கே கவனிக்க ஆள் இல்லை. படுக்கும்முன் பயிற்சி செய்தால் சிலருக்குக் காலைக் கன்ன வலி குறைகிறது, ஆனால் பயிற்சி இரவுக் கடியை நிறுத்திவிடும் என்று நம்பி நைட் கார்டைக் கழற்றிப் போட முடியாது. கார்டும் கடிப்பதை நிறுத்துவதற்கு இல்லை. பல் தேயாமல் காப்பதற்குத்தான். ஆகவே இரண்டும் வேண்டும்: பயிற்சியின்போது கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள், தூங்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் கார்டையும் எடுத்துப் போங்கள். அதில் விழுந்திருக்கும் தேய்மானத் தடத்தைப் பார்த்தே இரவில் எவ்வளவு கடிக்கிறீர்கள், கார்டை மாற்ற வேண்டுமா என்று அவரால் சொல்ல முடியும்.